மழையில் மினுக்கிய விளக்கு, இப்போது அணையாமல் எரிகிறது

கேள்வி: ஐயா, எட்டு வயதான டொயோட்டா செடான் வைத்திருக்கிறேன். முன்சக்கர இயக்கம். மழை பெய்தால், எங்கள் வீவக கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறி இடப்பக்கம் சாலைக்குத் திரும்பும்போது, கார் வழுக்குவதுபோல் படம் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று முறை மினுக்கும். அப்போது வண்டி இழுக்காது. மூன்று வாரத்துக்கு முன் வலது முன்சக்கரத்தில் உறுமல் சத்தம் என்று ஜோகூர் பாருவில் பேரிங் மாற்றினேன். அன்றிலிருந்து அதே விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் அணையாமல் எரிகின்றன. எஞ்சினை அணைத்துப் போட்டால் போய்விடும், பேட்டையை விட்டு வெளியே வந்து கொஞ்சம் வேகமெடுத்ததும் மறுபடி வரும். மழையில் மினுக்குவது மட்டும் நின்றுவிட்டது. இங்கே ஒரு பட்டறையில் ஸ்கேன் செய்தார்கள், C0200 என்று வந்தது. ஏபிஎஸ் பம்ப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். முன் டயர்களில் 2.5 மில்லிமீட்டர், பின் டயர்களில் 5 மில்லிமீட்டர் பள்ளம் இருப்பதாகவும் சொன்னார்கள். மினுக்கிக்கொண்டிருந்த கோளாறுதான் முற்றி இப்படி ஆகிவிட்டதா? இப்படியே ஓட்டலாமா?

பதில்: முற்றவில்லை. இவை ஒரே விளக்கில் தெரியும் இரண்டு வேறு சங்கதிகள். மினுக்கியபோது, சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் பிடிக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அணையாமல் எரியும்போது வேலையை விட்டுவிட்டது. மழையில் மினுக்குவது நின்றதற்கும் காரணம் அதுதான். சக்கரம் இன்றும் அதே திருப்பத்தில் வழுக்குகிறது, ஆனால் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பம்ப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை முக்கால்வாசி இருக்கிறது.

முதலில் அந்தத் திருப்பம். நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு வேக சென்சார் இருக்கிறது. ஏபிஎஸ் யூனிட் அந்த நான்கையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சின் இழுக்கும் முன்சக்கரம், வெறுமனே உருளும் பின்சக்கரத்தைவிடத் திடீரென்று வேகமாகச் சுற்றினால், டயர் சாலையைப் பற்றவில்லை, வழுக்கிச் சுற்றுகிறது என்று பொருள். உடனே எஞ்சின் கணினியிடம் சொல்லி விசையைக் குறைக்கும். அது போதாவிட்டால் சுற்றுகிற அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இந்த வேலை நடக்கிற நேரத்தில்தான் விளக்கு மினுக்குகிறது. மிதியை மிதித்தும் கார் இழுக்காமல் நிற்பதுபோல் தோன்றுவதும், முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம் வருவதும் இதன் பகுதிதான். கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயந்து எண்ணெய் மாற்றியவர்கள் உண்டு. தேவையே இல்லை.

உங்கள் பேட்டைத் திருப்பத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. மேட்டில் ஏறும்போது காரின் பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் லேசாகின்றன. இடப்பக்கம் திரும்பும்போது உடல் வலப்பக்கம் சாய்வதால் இடது முன்சக்கரம் இன்னும் லேசாகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிமூடியோ, சாலையில் போட்ட வெள்ளை அம்புக்குறியோ இருக்கும். நனைந்த இரும்பும் நனைந்த பெயிண்டும் நனைந்த தாரைவிட அதிகம் வழுக்கும். வேலை நடக்கும் இடங்களில் பள்ளத்தை மூடிப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளும், மேம்பாலங்களின் இணைப்பு இரும்புகளும் இதே ரகம். அந்த இடங்களில் அரை நொடி மினுக்கி நின்றால் அதை மறந்துவிடலாம். வலது காலைக் கொஞ்சம் தளர்த்தினால் விளக்கும் அடங்கும், வண்டியும் இழுக்கும். வண்டி இழுக்கவில்லையே என்று இன்னும் அழுத்துவதுதான் பலரும் செய்கிற தவறு. நீங்கள் கேட்கிற விசையை அது மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எல்லா மினுக்கலும் மறக்கக்கூடியதல்ல. எங்கே, எந்த வேகத்தில் மினுக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விரைவுச்சாலையில் 80 அல்லது 90 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, தேங்கிய நீரில் ஏறியதும் மினுக்கினால், டயர் நீரை வெளியேற்ற முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டியரிங் கையில் திடீரென்று இலகுவாகும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல், முடுக்கியிலிருந்து மட்டும் காலை மெதுவாக எடுங்கள். மிதக்கிற சக்கரத்தை டிராக்‌ஷன் கண்ட்ரோலால் தரைக்கு இறக்க முடியாது. எஞ்சின் விசையைக் குறைக்க மட்டுமே அதனால் முடியும். டயரும் சாலையும் தராத பிடிப்பை எந்தக் கணினியும் உண்டாக்கித் தராது. கொட்டும் மழையில் குரூஸ் கண்ட்ரோலைப் போட வேண்டாம் என்பதும் இதனால்தான். வழுக்குகிற நேரத்தில் காலை எடுக்கும் முடிவு உங்களிடம் இருக்க வேண்டும்.

இன்னொரு வகை மினுக்கல் காய்ந்த சாலையில் வருவது. சமமான சாலை, சீரான வேகம், திருப்பமும் இல்லை, ஆனாலும் மினுக்குகிறது என்றால் சக்கரம் வழுக்கவில்லை, சென்சார் தவறாகச் சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் வேறு அளவு டயர் போட்டிருப்பது, ஒரு டயரில் காற்று வெகுவாக இறங்கியிருப்பது, சென்சார் எண்ணுகிற வளையத்தில் விரிசல் விட்டிருப்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். வளையம் விரிந்திருந்தால் இன்னொரு அடையாளமும் கூடவே வரும். சிவப்பு விளக்கில் நிறுத்தப் போகும்போது, கடைசி ஒன்றிரண்டு மீட்டரில், காய்ந்த சாலையிலேயே பிரேக் மிதி காலடியில் அதிரும். மினுக்கல்தானே என்று அதை விட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் டயர். இங்கே சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் முன் டயர்களில் இருக்கும் 2.5 மில்லிமீட்டர் சட்டத்துக்குப் போதும், நவம்பர் டிசம்பர் மழைக்குப் போதாது. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நீரை வெளியேற்றும் திறன் வேகமாகக் குறையும். பேட்டைத் திருப்பத்தில் மினுக்கல் அடிக்கடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு டயர் மட்டும் வாங்குவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழுக்குவது முன்சக்கரம்தானே என்று புது டயரை முன்னால் போடத்தான் எல்லாருக்கும் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். புதிய இரண்டும் பின்னால் போகட்டும். இப்போது பின்னால் இருக்கும் 5 மில்லிமீட்டர் டயர்கள் முன்னால் வரட்டும். 2.5 மில்லிமீட்டர் டயர்களைக் கழித்துவிடுங்கள். மழையில் முன்சக்கரம் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின்சக்கரம் பிடி விட்டால் கார் சுழலும், பெரும்பாலானவர்களால் அதைத் திருத்த முடியாது. அதுவும் உங்கள் கார் இப்போது இருக்கிற நிலையில், சுழலாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேலை செய்யவில்லை.

அதாவது, அணையாத விளக்கு.

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்து சில நொடியில் அணைவது, அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அதற்குப் பிறகும் எரிந்தால் இரண்டில் ஒன்று. நீங்களே சுவிட்சை அழுத்தி நிறுத்தியிருக்கலாம். பல கார்களில் அப்போது அதே படத்தின் கீழ் ஆஃப் என்ற எழுத்துகளோடு தனி விளக்கு வரும், ஏபிஎஸ் விளக்கு கூட வராது. சுவிட்சை மறுபடி அழுத்தினால் போய்விடும். முழங்கால் இடித்தோ பிள்ளைகள் விளையாடியோ அழுந்திவிடுவதும் உண்டு. உங்களுடையது இது அல்ல. கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது என்றால் அமைப்பே ஒரு தகவலை நம்ப முடியாமல் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

எந்தத் தகவல் என்பதை, விளக்கு எப்போது வருகிறது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். சாவியைத் திருப்பியதிலிருந்து ஒரு நொடிகூட அணையாமல் எரிந்தால், வயர் அறுந்தது, இணைப்பி கழன்றது, யூனிட்டின் மின்சுற்று போன்ற மின்கோளாறாக இருக்கும். கார் நின்றுகொண்டிருக்கும்போதே கணினி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் உங்களுக்கு விளக்கு முறையாக அணைகிறது, பேட்டையை விட்டு வெளியே வந்து வேகமெடுத்ததும் வருகிறது. அதாவது, நிற்கும்போது செய்த சோதனையில் சென்சாரும் வயரும் தேறிவிட்டன. கார் உருளத் தொடங்கியதும் மூன்று சக்கரங்கள் வேகம் சொல்கின்றன, ஒன்று சுழி என்றே சொல்கிறது. சில மீட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணினி விளக்கைப் போடுகிறது.

பம்ப் மோட்டாரையும் அந்த யூனிட் கார் நகரத் தொடங்கியதும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் என்பது உண்மை. பட்டறைக்காரருக்குப் பம்ப் மேல் சந்தேகம் வந்தது அதனால் இருக்கலாம். ஆனால் பம்ப் மோட்டார் கெட்டால் அதற்கென்று தனிக் குறியீடு வரும். C0200 என்பது டொயோட்டாவில் வலது முன்சக்கர வேக சிக்னலைக் குறிக்கும். இடது முன்சக்கரத்துக்கு C0205. உங்கள் காரில் கைவைத்த சக்கரமும் வலது முன்சக்கரம்தான், விளக்கு வந்ததும் அன்றுதான். இந்த மூன்றும் ஒரே சக்கரத்தைக் காட்டும்போது பம்ப்பை மாற்றுவது, காலில் முள் தைத்தவனுக்குத் தலையில் கட்டுப் போடுவது போல.

பேரிங்குக்கும் சென்சாருக்கும் என்ன தொடர்பு? பழைய கார்களில் சென்சார் எண்ணுவதற்கு இரும்புப் பல்சக்கரம் ஒன்று வெளியே தெரியும். இப்போதைய கார்கள் பலவற்றில் அது இல்லை. பேரிங்கின் ஒரு பக்க ரப்பர் மூடியிலேயே காந்தப் பொடி கலந்த வளையம் இருக்கும். வட துருவமும் தென் துருவமும் மாறி மாறிப் பதித்த வளையம் அது. கண்ணுக்குச் சாதாரண கறுப்பு மூடியாகத்தான் தெரியும். சக்கரம் சுற்றும்போது அந்தத் துருவங்கள் சென்சாரின் மூக்குக்கு முன்னால் கடந்துபோகும், சென்சார் அதை எண்ணும். அந்தப் பக்கம் காரின் உட்புறம், சென்சார் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். அச்சியந்திரத்தில் வைத்து அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கைத் திருப்பி வைத்துப் பொருத்தினாலும் அது இயந்திரரீதியாகக் கச்சிதமாக உட்காரும், சத்தமில்லாமல் சுற்றும், உறுமலும் போய்விடும். சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. காந்த வளையமே இல்லாத மலிவுப் பேரிங் போட்டாலும் இதே கதை. சரியான பக்கம் வைத்து, அழுத்தும் கருவியின் விளிம்பு வளையத்தில் பட்டு நசுங்கினாலும் இதே விளக்கு வரும், ஆனால் அப்போது சிக்னல் முழுதாகச் சாகாமல் விட்டு விட்டு வருவது வழக்கம். போல்ட் போட்டு முழு ஹப்பாக மாட்டும் வகையில் திருப்பி மாட்ட வழியில்லை. உங்களுடையது எது என்பதைப் பழைய ரசீதில் பாருங்கள், அல்லது அழுத்திப் பொருத்தினார்களா என்று கேளுங்கள்.

உறுதிப்படுத்த அரைமணி நேரம் போதும். பட்டறையில் இப்படிக் கேளுங்கள். ஏபிஎஸ் யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனரை மாட்டி, நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் நேரலையாகக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கும் மலிவு ஸ்கேனர்களில் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும், அவற்றில் இது தெரியாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க, நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நான்கும் ஏறத்தாழ ஒன்றாக, அதிகபட்சம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் நிற்க வேண்டும். வலது முன்சக்கரம் சுழியிலேயே நின்றால் சிக்னலே இல்லை. மற்றவற்றோடு சேர்ந்து போய்ப் போய் நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தால் வளையம் சேதப்பட்டிருக்கிறது, அல்லது வயர் விட்டு விட்டுத் தொடுகிறது.

சுழியாகவே இருந்தால் அடுத்து அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒற்றை போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுக்க வேண்டும். சென்சாரின் மூக்கு உடைந்திருக்கிறதா, உலோகத் தூள் அப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேரிங் மாற்றும்போது சென்சாரைக் கழற்றாமல் சுத்தியலால் தட்டியிருந்தால் அதன் மூக்கிலேயே அடையாளம் தெரியும். பிறகு அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் பேரிங்கின் மூடி தெரியும். காகிதம் செருகும் மெல்லிய கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முனையை அந்த மூடியில் தொடும் அளவுக்கு நீட்டுங்கள். உள்ளே தவறி விழாதபடி ஒரு நூலில் கட்டிக்கொள்வது நல்லது. காந்த வளையமாக இருந்தால் முனையை மெதுவாக இழுக்கும். வெறும் மூடியாக இருந்தால் எதுவும் உணராது. இழுப்பு மிக லேசாகத்தான் இருக்கும், அதனால் இடது முன்சக்கரத்திலும் இதையே செய்து விரலுக்கு வித்தியாசத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும். காந்தமேறிய ஸ்குரூடிரைவரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அது எந்த இரும்பிலும் ஒட்டும், வளையத்தின் காந்தத்தையும் கெடுக்கும்.

மல்டிமீட்டரை எடுத்துச் சென்சாரின் ஓம் அளவு பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். கம்பிச்சுருள் மட்டும் கொண்ட பழைய வகைச் சென்சாருக்குத்தான் அது பொருந்தும். இப்போதைய வகைக்குள்ளே சிறிய மின்னணுச் சுற்று இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் கொடுத்து, அதன் வழியே ஓடும் மின்னோட்டம் சுமார் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாறுவதைத்தான் கணினி எண்ணுகிறது. ஓம் அளவு அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிளிப் இழுக்கவில்லை என்றால் பேரிங் திரும்பிப் போயிருக்கிறது, அல்லது தவறான பேரிங். அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிடலாமே என்று தோன்றும், கூடாது. கழற்றும் விசை குண்டுகள் வழியே போவதால் உள்தடத்தில் பள்ளம் விழும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி உறுமும். காந்த வளையம் உள்ள புதுப் பேரிங்தான் போட வேண்டும். பொருத்துவதற்கு முன், பேரிங் மேசையில் இருக்கும்போதே, கிளிப்பால் காந்தப் பக்கம் எது என்று பார்த்து மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பமே வராது. முதலில் வேலை பார்த்த இடத்துக்கே கொண்டுபோனால் கூலியை அவர்கள் ஏற்கவும் கூடும். ஸ்கேன் திரையைப் படம் பிடித்துக் கொண்டுபோங்கள்.

கிளிப் சரியாக இழுக்கிறது, மூக்கும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சுழி என்றால் சந்தேகம் சென்சார் பக்கம் போகும். புதுச் சென்சார் போட்டும் சுழி நீடித்தால், அதற்குப் பிறகுதான் ஏபிஎஸ் யூனிட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

குளிர்நாட்டுக் காணொளிகளில் சென்சாருக்கு அடியில் துரு ஏறி அது மேலெழும்புவதை முதல் காரணமாகச் சொல்வார்கள். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். நமக்கு அந்த வழக்கமில்லை. இங்கே அதிகம் பார்ப்பது வெப்பத்தில் மொறுமொறுப்பான வயர் உறையும், இணைப்பிக்குள் போகும் நீரும்தான். அதன் அடையாளம் வேறு. மழை நாளில் அல்லது நீர் தேங்கிய சாலையில் போன பிறகு மட்டும் விளக்கு வந்து நிற்கும், இரண்டு நாள் வெயிலில் தானாகப் போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் வந்தால், முன்சக்கரத்தோடு மடங்கி நிமிரும் இடத்தில் வயரின் உள்கம்பி அறுந்திருக்கும். உங்கள் விளக்கு வெயிலிலும் வருகிறது, தினமும் வருகிறது. அதனால் இந்த வழி உங்களுக்குக் கடைசி.

எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்திருந்தால் நான் சக்கரத்தைப் பற்றியே பேசியிருக்க மாட்டேன். டொயோட்டாவில் அப்போது C1201 வரும். எஞ்சின் கணினியில் ஏதோ கோளாறு, அதனால் விசையைக் குறைக்கச் சொல்லி அதை நம்ப முடியாது என்று டிராக்‌ஷன் கண்ட்ரோல் ஒதுங்கிக்கொள்வது அது. எஞ்சினைச் சரிசெய்தால் இந்த விளக்கும் போகும். இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஞ்சின் விளக்கு மினுக்கினால் அது நல்ல செய்தி அல்ல. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வடிப்பானைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும்.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். மஞ்சள் விளக்குகள் இரண்டு மட்டும் எரியும்வரை வழக்கமான பிரேக் முழுதாக இருக்கிறது. ஆனால் நனைந்த சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிக்கொண்ட முன்சக்கரத்தை வைத்துத் திருப்ப முடியாது. கடைசி நேரத்தில் மிதித்துக்கொண்டே விலகிப் போய்விடலாம் என்ற நம்பிக்கை இப்போது உங்கள் காரில் செல்லாது. முன்னால் போகும் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை மழையில் இரட்டிப்பாக்குங்கள். சக்கரம் பூட்டி வண்டி வழுக்கினால் மிதியை விட்டு, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி மெதுவாக மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்ததை இப்போது கால்தான் செய்ய வேண்டும்.

இந்த இரண்டோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்தால் நிலைமை வேறு. ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுவித்துவிட்டீர்களா என்று பாருங்கள். பிறகு பிரேக் எண்ணெய்த் தொட்டியின் அளவு கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எரிந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதியும் நின்றிருக்கக்கூடும். அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக் கார் சுழலலாம். அந்த நிலையில் ஓட்டக் கூடாது. விரைவுச்சாலையில் இப்படி நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் கட்டணமின்றி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு.

விளக்கை அணைக்க பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்காதீர்கள். காரணம் இருக்கும்வரை பேட்டையை விட்டு வெளியே வந்ததும் அது திரும்ப வரும். சில கார்களில் ஸ்டியரிங் கோணச் சென்சார் தன் நேர்நிலையை மறந்துவிடும், அதனால் புதிதாக இன்னொரு விளக்கும் சேரும்.

பேரிங் வேலை முடிந்ததும் காரை வாங்கும் முன் ஸ்கேனரை மறுபடி மாட்டச் சொல்லி, 30 கிலோமீட்டரில் நான்கு வேகமும் ஒன்றாக நிற்பதைக் கண்ணால் பாருங்கள். பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஒருமுறை எஞ்சினை அணைத்துப் போட்டு ஓட்ட வேண்டும். சில கார்களில் கோளாறு தீர்ந்த பிறகும் கார் கொஞ்சம் வேகமெடுத்துச் சக்கரங்களைச் சரிபார்த்துக்கொண்டால்தான் விளக்கு போகும், அதனால் நின்ற இடத்தில் எரிகிறதே என்று பதற வேண்டாம். பிறகு அடுத்த மழை நாளில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, அதே மேட்டில் ஏறி அதே இடப்பக்கத் திருப்பத்தில் வழக்கம்போலத் திரும்புங்கள். விளக்கு இரண்டு முறை மினுக்கி அணைந்தால் வேலை சரியாக முடிந்துவிட்டது.